ஈசாப் கடிதத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்

சென்னை ஐ.டி. வட்டாரத்தில் ஈசாப் என்றால் பலருக்கும் 2021 செப்டம்பர்தான் நினைவுக்கு வரும். அந்த மாதம் ஃப்ரெஷ்வொர்க்ஸ் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலானது. இந்தியாவில் வேலை பார்க்கும் தங்கள் ஊழியர்களில் 500 பேருக்கு மேல் கோடீஸ்வரர்கள் ஆகிவிட்டார்கள் என்றார் அதன் நிறுவனர் கிரீஷ் மாத்ருபூதம். "சம்பளம் கொஞ்சம் முன்னே பின்னேதான் இருக்கும், ஆனால் ஈசாப் தருகிறோம்" என்று ஒரு சின்ன கம்பெனியின் எச்.ஆர். சொல்லும்போது, கேட்பவர் மனதில் ஓடுவது அந்தக் காட்சிதான். கையில் வரும் கிராண்ட் லெட்டரில் அவர் பார்ப்பதும் ஒரே ஒரு எண்ணைத்தான்: எத்தனை ஆப்ஷன்?

அந்தக் கடிதத்தில் அவ்வளவாகப் பொருளில்லாத எண் அதுதான் என்பேன். 4,800 ஆப்ஷன் என்பது, கம்பெனியின் மொத்தப் பங்குகள் 96 லட்சம் என்றால் 0.05 சதவீதம்; 9 கோடியே 60 லட்சம் என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு. மொத்தம் எத்தனை பங்கு என்று பெரும்பாலான கடிதங்கள் சொல்வதில்லை. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். மீனா என்று ஒருவர்; பங்குச் சந்தையில் பட்டியலாகாத ஓர் இந்திய கம்பெனியில் எஞ்சினியர். கடிதத்தில் இப்படி இருக்கிறது: கிராண்ட் தேதி 2022 ஜூலை 1, ஆப்ஷன்கள் 4,800, எக்ஸர்சைஸ் விலை ஒன்றுக்கு 50 ரூபாய், வெஸ்டிங் நான்கு ஆண்டு, முதல் ஆண்டு கிளிஃப், பிறகு மாதந்தோறும். இந்தக் கடிதத்தை வாங்கிய அன்று மீனாவிடம் ஒரு பங்குகூட இல்லை. மனை வாங்க விலை பேசி அக்ரிமென்ட் போட்டுவைப்பதைப் போன்றது இது. பிற்பாடு விலை எங்கே போனாலும் இந்தப் பங்கை 50 ரூபாய்க்கு வாங்கிக்கொள்ளலாம் என்ற உரிமை மட்டும்தான் அவர் கையில் இருக்கிறது. வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

அந்த உரிமையும் ஒரே நாளில் முழுதாக வந்துவிடாது. அது சிறுகச் சிறுக நம் பக்கம் வந்து சேர்வதைத்தான் வெஸ்டிங் என்கிறார்கள். கிராண்டுக்கும் முதல் வெஸ்டிங்குக்கும் நடுவே குறைந்தது ஓர் ஆண்டு இருக்க வேண்டும் என்பது இந்திய கம்பெனிச் சட்ட விதி. அந்த முதல் ஆண்டுதான் கிளிஃப். மீனா 2023 ஜூன் 30 அன்று வேலையை விட்டிருந்தால் அவருக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. மறுநாள் ஜூலை 1 வந்ததும் 1,200 ஆப்ஷன் மொத்தமாகச் சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு மாதம் 100.

இங்கே கவனிக்க வேண்டியது, கடிகாரம் கிராண்ட் தேதியிலிருந்து ஓடுகிறதே தவிர, வேலைக்குச் சேர்ந்த தேதியிலிருந்து அல்ல. ஜனவரியில் சேர்ந்தவருக்கு, ஒப்புதல் நடைமுறையெல்லாம் முடிந்து ஜூலையில் கடிதம் வருவது சாதாரணமாக நடக்கிறது. "சேர்ந்து ஒரு வருஷம் ஆகிவிட்டதே" என்று நம்பி ராஜினாமா கொடுப்பவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். இன்னொன்று, சம்பளமில்லாத நீண்ட விடுப்பில் போனால் அந்த மாதங்கள் வெஸ்டிங் கணக்கில் சேருமா என்பது. ஒவ்வொரு கம்பெனியின் திட்டமும் இதற்கு ஒவ்வொரு பதில் வைத்திருக்கும்.

திட்டம் என்று நான் சொல்வது கிராண்ட் லெட்டரை அல்ல. கடிதம் இரண்டு மூன்று பக்கம்தான் இருக்கும். "இது நிறுவனத்தின் ஈசாப் திட்ட விதிகளுக்குக் கட்டுப்பட்டது" என்று அதில் ஒரு வரி இருக்கும். அந்த விதிகள் தனி ஆவணம். இருபது முப்பது பக்கம்கூட ஓடலாம். கேட்டால்தான் பல கம்பெனிகள் அனுப்பும். வேலையை விட்டால் என்ன ஆகும் என்பதன் முழு விவரம் அதில்தான் இருக்கிறது.

மீனாவிடம் திரும்புவோம். வேறு வேலை கிடைக்கிறது. நோட்டீஸ் காலம் முடிந்து 2024 செப்டம்பர் 15 அவருக்குக் கடைசி நாள். கிராண்ட் தேதியிலிருந்து 26 மாதம் முழுதாக முடிந்திருப்பதால் 2,600 ஆப்ஷன் வெஸ்ட் ஆகியிருக்கிறது. மீதி 2,200 அன்றோடு காலாவதி; ராஜினாமா செய்தால் வெஸ்ட் ஆகாதவை போய்விடும் என்பது சட்ட விதியிலேயே இருக்கிறது, எச்.ஆரிடம் பேசிப் பயனில்லை. ஆனால் கணக்கு கடைசி வேலை நாளோடு முடிகிறதா, ராஜினாமா கடிதம் கொடுத்த நாளோடு முடிகிறதா என்பதைத் திட்டத்தில் பார்க்க வேண்டும். நோட்டீஸ் காலம் மூன்று மாதம் என்றால் அது 300 ஆப்ஷன் சமாசாரம்.

சேர்ந்துவிட்ட 2,600 என்ன ஆகும்? திட்டத்தில் சொல்லியிருக்கும் காலத்துக்குள் எக்ஸர்சைஸ் செய்ய வேண்டும், அதாவது பணம் கட்டிப் பங்காக மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அவையும் போய்விடும். மீனாவின் திட்டத்தில் அந்தக் காலம் 90 நாள். கெடு 2024 டிசம்பர் 14.

இந்த 90 நாளுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் ஒரு வகை ஆப்ஷனுக்கு வரிச் சலுகை வேண்டுமானால், வேலையை விட்ட மூன்று மாதத்துக்குள் எக்ஸர்சைஸ் செய்ய வேண்டும் என்று அந்நாட்டு வரிச் சட்டம் சொல்கிறது. அங்கே அது வழக்கமாகிவிட்டது. இந்தியச் சட்டத்தில் அந்த வரிச் சலுகையும் இல்லை, அந்த மூன்று மாத நிபந்தனையும் இல்லை. காலத்தைக் கம்பெனியே தன் திட்டத்தில் முடிவு செய்துகொள்ளலாம். அதனால் 90 நாளை ஐந்து ஆண்டாகவோ பத்து ஆண்டாகவோ நீட்ட முடியும். அப்படி வைத்திருக்கும் கம்பெனிகளும் இருக்கின்றன. "சட்டமே அப்படித்தான்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மீனா அந்த 90 நாளுக்குள் எவ்வளவு புரட்ட வேண்டும்? எக்ஸர்சைஸ் விலை 2,600 பங்குக்கு 1,30,000 ரூபாய். இதைத்தான் எல்லோரும் கணக்கில் வைத்திருப்பார்கள். பெரிய தொகை இதற்கு அடுத்து வருகிறது. பட்டியலாகாத கம்பெனியின் பங்குக்கு, வரிக்காக ஒரு மெர்ச்சன்ட் பேங்கர் மதிப்புச் சான்று தருவார். அவர் பங்கு ஒன்றுக்கு 450 ரூபாய் என்று சொல்லியிருப்பதாக வைத்துக்கொள்வோம். 450-க்கும் 50-க்கும் உள்ள வித்தியாசமான 400 ரூபாயை வருமான வரிச் சட்டம் சம்பளமாகவே பார்க்கிறது. 2,600 பங்குக்கு அது 10,40,000 ரூபாய். மீனா 30 சதவீத வரம்பில் இருப்பவர். 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து வரி 3,24,480 ரூபாய். கம்பெனி இதற்கு டி.டி.எஸ். பிடித்தாக வேண்டும். வேலையை விட்டவருக்குச் சம்பளம் இல்லையே, எதில் பிடிப்பது? அதனால் அந்தத் தொகையையும் முன்கூட்டியே கட்டச் சொல்வார்கள். ஆக மொத்தம் 4,54,480 ரூபாய். கைக்கு வருவது, டீமேட் கணக்கில் 2,600 பங்கு. அதை விற்கச் சந்தை கிடையாது.

கம்பெனி பட்டியலாகும்வரை, அல்லது யாராவது அதை விலைக்கு வாங்கும்வரை, அல்லது கம்பெனியே பங்குகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்வரை அந்தப் பணம் முடங்கித்தான் கிடக்கும். பிறகு விற்கும்போது 450 ரூபாய்தான் வாங்கிய விலையாகக் கணக்கில் எடுக்கப்படும். அதற்கு மேல் கிடைப்பதற்கு மூலதன ஆதாய வரி தனி. விலை 200 ரூபாய்க்கு இறங்கிவிட்டால்? நட்டத்தை வேறு மூலதன ஆதாயத்தில் கழித்துக்கொள்ளலாம். சம்பளமாகக் கருதிக் கட்டிய வரி மட்டும் திரும்ப வராது. 90 நாளில் நாலரை லட்சம் கட்ட முடியாமல், அல்லது கட்ட மனமில்லாமல், வெஸ்ட் ஆனதையும் விட்டுவிட்டுப் போகிறவர்கள் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

அரசு சில ஸ்டார்ட்-அப்களின் ஊழியர்களுக்கு ஒரு சலுகை கொடுத்திருக்கிறது. எக்ஸர்சைஸ் செய்யும்போதே வரி கட்டாமல் ஏறக்குறைய ஐந்து ஆண்டு தள்ளிப்போடலாம். ஆனால் ஸ்டார்ட்-அப் இந்தியாவில் பதிவு செய்த எல்லாக் கம்பெனிக்கும் இது கிடையாது. வரிச் சலுகைக்கான தனிச் சான்றிதழ் வாங்கியவற்றுக்கு மட்டும். அதோடு, வேலையை விட்டால் அன்றோடு சலுகை முடிந்து, 14 நாளுக்குள் அந்த வரி வசூலாகிவிட வேண்டும். சுற்றிச் சுற்றி எல்லாம் வேலையை விடும் நாளில் வந்துதான் முட்டுகிறது.

விடுவதிலும் வகை உண்டு. ஒழுங்கு நடவடிக்கையில் வேலையிலிருந்து நீக்கினால், வெஸ்ட் ஆன ஆப்ஷன்களையும் ரத்து செய்யலாம் என்று பல திட்டங்களில் இருக்கிறது. அதில் எதெல்லாம் ஒழுங்கீனம் என்ற பட்டியலைப் படித்துப் பாருங்கள். போட்டி கம்பெனியில் சேர்வதையும் அதற்குள் நுழைத்திருந்தால் கையெழுத்துக்கு முன்பே கேள்வி கேட்க வேண்டும். இதற்கு நேர்மாறாக, பணியில் இருக்கும்போது ஊழியர் இறந்துபோனால் அதுவரை வழங்கிய ஆப்ஷன்கள் அத்தனையும், வெஸ்ட் ஆகாதவை உட்பட, வாரிசுக்கோ நாமினிக்கோ போய்ச் சேர வேண்டும் என்கிறது விதி. நிரந்தரமாகச் செயலிழந்தாலும் அன்றே எல்லாம் அவருக்கு வெஸ்ட் ஆகிவிடும். இது வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்; கடிதத்தின் நகல் ஒன்று அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பது நல்லது.

இதெல்லாம் இந்திய கம்பெனி தரும் ஆப்ஷனுக்கு. தாய் கம்பெனி அமெரிக்காவில் பதிவாகி, அதன் பங்கை இங்கே உள்ள ஊழியருக்குக் கொடுத்தால் வெஸ்டிங் விதிகளுக்கு அந்த ஊர்ச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். ஆனாலும் இங்கே வசிப்பவருக்கு வரி இங்கேதான்.

கிராண்ட் லெட்டர் மேசைக்கு வந்திருந்தால் எச்.ஆருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஈசாப் திட்டத்தின் முழு ஆவணம், கம்பெனியின் மொத்தப் பங்குகளின் எண்ணிக்கை, கடைசி மெர்ச்சன்ட் பேங்கர் மதிப்பு, வேலையை விட்டபின் எக்ஸர்சைஸ் செய்ய எத்தனை நாள் என்ற நான்கையும் எழுத்தில் கேளுங்கள். கடிதத்தை ஏற்றுக் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பவும் ஒரு கெடு போட்டிருப்பார்கள். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள், தவறினால் கிராண்டே ரத்தாகிவிடலாம். நான்கில் கடைசிக் கேள்விக்குப் பதில் 90 நாள் என்று வந்தால், நீட்டித் தர முடியுமா என்று கேட்க ஏற்ற நேரம், வேலைக்குச் சேர்வதற்கு முன்புதான்.