பக்கத்து வழி இருக்க, சுற்று வழி ஏன்?

2018 நவம்பர் 12 அன்று உலகின் பல இடங்களில், குறிப்பாக அலுவலகங்களில், கூகுள் தேடலும் அதன் அலுவலகச் சேவைகளும் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகத் தடுமாறின. பாரிஸிலிருந்து கூகுளை நோக்கிப் புறப்பட்ட தகவல் எந்த வழியில் போகிறது என்று பார்த்த பொறியாளர்களுக்கு வியப்பு. அது ரஷ்ய வலையமைப்பு ஒன்றின் வழியாகச் சென்று, சைனா டெலிகாமின் ரவுட்டர் ஒன்றை அடைந்து, அங்கேயே மடிந்துகொண்டிருந்தது. உளவு வேலையோ என்ற சந்தேகமும் எழுந்தது. கடைசியில் தவறு நடந்த இடம் ரஷ்யாவும் இல்லை, சீனாவும் இல்லை. நைஜீரியாவின் மெயின்ஒன் என்ற நிறுவனம் தன் வலையமைப்பை மேம்படுத்தும்போது ஒரு வடிகட்டியைத் தவறாக அமைத்துவிட்டது. 74 நிமிடங்களில் அதைச் சரிசெய்துவிட்டதாக அந்த நிறுவனமே அறிவித்தது.

பாரிஸிலிருந்து கூகுளுக்குப் பக்கத்து வழி இல்லாமல் இல்லை. இருந்தும் தகவல் ஏன் இப்படிச் சுற்றியது? இணையம் எப்போதும் மிகக் குறுகிய வழியைத் தேடிப் போகும் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது அப்படிப் போவதில்லை.

இணையம் ஒரே வலையமைப்பு அல்ல. தொலைத்தொடர்பு நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள், வங்கிகள், கூகுள் போன்ற பெரு நிறுவனங்கள் எனப் பல்லாயிரக்கணக்கானோர் தனித்தனியே நடத்தும் வலையமைப்புகளின் கூட்டம் அது. இவை ஒவ்வொன்றுக்கும் தன்னாட்சி வலையமைப்பு என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. கூகுளின் எண் 15169, மெயின்ஒன்னின் எண் 37282. ஒரு தன்னாட்சி வலையமைப்பின் எல்லைக்குள் எந்தக் கம்பிவடம் வேகமானது, எது நெரிசலானது என்பது அதை நடத்துபவருக்குத் தெரியும். அதனால் உள்ளே குறுகிய வழியைக் கணக்கிடுவது எளிது. எல்லையைத் தாண்டிவிட்டால் அந்தக் கணக்கு செல்லாது. ஒருவர் தன் வடத்தின் செலவை 10 என்று குறித்திருப்பார். இன்னொருவர் அதே தரமான வடத்துக்கு 1000 என்று குறித்திருப்பார். இரண்டையும் கூட்டிப் பார்ப்பதில் பொருளில்லை. போட்டி நிறுவனங்கள் தம் உள்கட்டமைப்பை ஒருவருக்கொருவர் திறந்து காட்டப்போவதும் இல்லை.

அதைவிட ஆழமான காரணம், யாருடைய வடத்தை யார் பயன்படுத்தலாம் என்ற கேள்வி. 1980களின் இறுதியில் அமெரிக்க இணையத்தின் முதுகெலும்பாக இருந்தது என்எஸ்எஃப்நெட். அரசுப் பணத்தில் நடந்த அந்த வலையமைப்பில் ஆராய்ச்சிக்கும் கல்விக்கும்தான் இடம். வணிகத் தகவல் அதன் வழியே போகக்கூடாது என்பது விதி. இரண்டு வணிக நிறுவனங்களுக்கு நடுவே அதுவே மிகக் குறுகிய வழியாக இருந்தாலும் தகவல் வேறு வழியில்தான் போயாக வேண்டும். இந்த மாதிரி விதிகளுக்கு இடம் தரும் ஒரு முறை தேவைப்பட்டது. 1989 ஜனவரியில் டெக்சஸின் ஆஸ்டின் நகரில் நடந்த ஒரு கூட்டத்தின்போது, சிஸ்கோவின் கிர்க் லோஹீடும் ஐபிஎம்மின் யாக்கவ் ரெக்டரும் உணவு மேசையில் காகிதக் கைக்குட்டைகளின் மேல் ஒரு வரைவை எழுதினார்கள். பிஜிபி எனப்படும் பார்டர் கேட்வே புரோட்டோகால் அப்படித்தான் பிறந்தது. இன்றும் தன்னாட்சி வலையமைப்புகள் ஒன்றோடொன்று பேசும் மொழி அதுதான்.

பிஜிபியில் ஒரு வலையமைப்பு தன் அண்டையிலிருப்பவரிடம் சொல்வது இவ்வளவுதான்: 'இந்த முகவரித் தொகுதிக்கு என் வழியாகப் போகலாம், போகும் வழியில் உள்ள வலையமைப்புகள் இவை.' தூரமோ வேகமோ அதில் இருக்காது. 2018 சம்பவத்தின்போது பதிவான ஒரு பாதை இப்படி இருந்தது:

```
20485 4809 37282 15169
```

இதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். கடைசியில் இருப்பது முகவரிக்கு உரிய கூகுள். அதற்கு முன்னால் மெயின்ஒன், பிறகு சைனா டெலிகாம், பிறகு ரஷ்யாவின் டிரான்ஸ்டெலிகாம். இந்தப் பட்டியலில் தன் எண்ணையே ஒரு ரவுட்டர் கண்டால், பாதை சுழன்று தன்னிடமே திரும்பிவிட்டது என்று அறிந்து அதைத் தள்ளிவிடும். ஆளாளுக்கு ஒரு விருப்பத்தோடு பாதை தேர்ந்தாலும் தகவல் வட்டமடிக்காமல் இருப்பது இதனால்தான். ஆனால் இந்தப் பட்டியலில் ஓர் எண் ஒரு தெருவையும் குறிக்கலாம், ஒரு கண்டத்தையும் குறிக்கலாம். நான்கு எண் கொண்ட பாதை மூன்று எண் கொண்ட பாதையைவிட நீளமானது என்று சொல்லிவிட முடியாது.

அப்படியானால் பல பாதைகள் வந்து சேரும்போது எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்? பெரும்பாலும் பணத்தை வைத்து. வலையமைப்புகளுக்கு இடையில் பொதுவாக மூன்று வகை உறவுகள் உண்டு. நமக்குப் பணம் கொடுத்து இணைப்புப் பெறுபவர் வாடிக்கையாளர். நாம் பணம் கொடுத்து உலகின் மற்றப் பகுதிகளுக்கு இணைப்பு வாங்கும் பெரிய நிறுவனம் வழங்குநர். மூன்றாவது சமநிலை உறவு. இதைப் பியரிங் என்பார்கள். இருவர் தத்தம் வாடிக்கையாளர்களின் தகவலை, பெரும்பாலும் கட்டணமின்றி, நேரடியாக மாற்றிக்கொள்வது அது.

ஒரு நகரத்து இணையச் சேவை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பயனாளர் ஒருவர் ஒரு கல்லூரியின் தளத்துக்குப் போக வேண்டும். அந்தக் கல்லூரிக்கு மூன்று பாதைகள் தெரியவருகின்றன. வழங்குநர் சொன்ன பாதையில் இரண்டு எண்கள். பியர் சொன்னதிலும் இரண்டு. வாடிக்கையாளரான ஒரு சிறு நிறுவனம் சொன்ன பாதையிலோ மூன்று. நிறுவனத்தின் ரவுட்டர் முதலில் பார்ப்பது எண்ணிக்கையை அல்ல. 'லோக்கல் பிரிஃபரன்ஸ்' என்ற மதிப்பை. இதை நிறுவனமே தன் விருப்பப்படி குறித்து வைக்கிறது. வாடிக்கையாளர் தந்த பாதைக்கு 200, பியர் தந்ததற்கு 150, வழங்குநர் தந்ததற்கு 100 என்பதுபோல. அதிக மதிப்புள்ளதே வெல்லும். மூன்று எண் கொண்ட, நீளமாகத் தோன்றும் வாடிக்கையாளர் பாதை தேர்வாகிறது. அந்த வழியில் தகவல் போனால் வருமானம். வழங்குநர் வழியில் போனால் செலவு.

இந்த மதிப்பு சமமாக இருந்தால்தான் பாதையின் நீளம் பார்க்கப்படும். அதுவும் சமமானால் இன்னும் சில விதிகளைத் தாண்டி, தன் எல்லைக்குள்ளிருந்து எந்த வெளிவாசல் பக்கம் என்று ரவுட்டர் பார்க்கும். உண்மையான தூரம் கணக்கில் வருவது இங்கேதான். அதுவும் தன் வீட்டுக்குள் உள்ள தூரம் மட்டும். தகவலைச் சீக்கிரம் அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டால் தன் வடத்துக்குச் சுமை குறையும்; அதன்பின் அது எவ்வளவு தொலைவு போகிறது என்பது அவர் பாடு. நாம் அனுப்புவது ஒரு வழியாகவும் பதில் இன்னொரு வழியாகவும் வருவது இதனால் இயல்பாகிவிடுகிறது.

நமக்கு வரும் தகவலை நாம் விரும்பும் வழிக்குத் திருப்புவது இதைவிடக் கடினம். ஒரு வழி வேண்டாமென்றால் அந்தப் பக்கம் அறிவிக்கும் பாதையில் தன் எண்ணையே மூன்று நான்கு முறை எழுதி, அதை நீளமாகக் காட்டுவது வழக்கம். எதிர்ப்பக்கத்தில் லோக்கல் பிரிஃபரன்ஸ் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டால் இந்த நீட்டல் அங்கே கவனிக்கப்படாமலே போகும்.

தேர்ந்தெடுத்த பாதையை யாரிடம் சொல்வது, யாரிடம் மறைப்பது என்பது கொள்கையின் மறுபாதி. வாடிக்கையாளரின் முகவரிகளை எல்லோரிடமும் சொல்லலாம். அதற்குத்தான் அவர் பணம் தருகிறார். ஒரு வழங்குநரிடமிருந்தோ பியரிடமிருந்தோ கேட்டதை வாடிக்கையாளர்களிடம் மட்டுமே சொல்ல வேண்டும். இன்னொரு வழங்குநரிடம் சொன்னால், இரண்டு பெரிய சாலைகளுக்கு நடுவே வயல் வைத்திருப்பவர் வேலியைத் திறந்துவிட்ட கதையாகிவிடும். குறுக்கே போகிறவர்கள் எல்லோரும் வயலை மிதிப்பார்கள். அவருக்கு ஒரு காசும் வராது.

எல்லோரும் தம் இலாபத்தையே பார்த்தால் இணையம் ஒரு நிலைக்கு வருமா? ஒருவர் பாதை மாற்ற, அதைப் பார்த்து இன்னொருவர் மாற்ற, முடிவில்லாமல் ஆடிக்கொண்டே இருக்கக்கூடிய அமைப்புகளை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். 2001இல் லிக்சின் காவோவும் ஜெனிஃபர் ரெக்ஸ்ஃபோர்டும் ஒரு முடிவை நிறுவினார்கள். வாடிக்கையாளர் பாதைக்கு முதலிடம், மேலே சொன்ன அறிவிப்பு விதி, யாரும் சுற்றி வளைத்துத் தனக்கே வழங்குநர் ஆகாமை என்ற மூன்றும் இருந்தால், மேற்பார்வையாளர் எவரும் இல்லாமலே பாதைகள் நிலைபெறும். அவரவர் வியாபாரக் கணக்கே மொத்த இணையத்தையும் நிலைநிறுத்தப் போதுமானதாக இருக்கிறது.

2018 நவம்பரில் உடைந்தது அந்த அறிவிப்பு விதிதான். லாகோஸிலுள்ள இணையப் பரிமாற்ற மையத்தில் மெயின்ஒன்னும் கூகுளும் பியர்கள். அங்கே கூகுளிடமிருந்து கேட்ட பாதைகளை மெயின்ஒன் தன் வாடிக்கையாளர்களோடு நிறுத்தியிருக்க வேண்டும். வடிகட்டி தவறியதால் இருநூறுக்கும் மேற்பட்ட கூகுள் முகவரித் தொகுதிகள் சைனா டெலிகாமுக்குப் போய்ச் சேர்ந்தன. அது அவற்றைச் சோதிக்காமல் ஏற்று டிரான்ஸ்டெலிகாமுக்குச் சொல்ல, அங்கிருந்து மற்றவர்களுக்கும் பரவியது. பாதையின் எண்களைப் பார்த்தாலே கோளாறு தெரியும். இரண்டு பெரிய வலையமைப்புகளான சைனா டெலிகாமுக்கும் கூகுளுக்கும் நடுவே, சுமையைத் தாங்க முடியாத ஒரு சிறிய வலையமைப்பு உட்கார்ந்திருக்கிறது. பாதைக் கசிவின் அடையாளம் இது. கூகுளோடு நேரடியாக இணைந்திருந்த வீட்டு இணையச் சேவைகளில் பாதிப்பு குறைவாகவே இருந்தது.

இதைத் தடுக்க இப்போது பரவலாகியிருக்கும் ஆர்பிகேஐ உதவுமா? ஒரு முகவரித் தொகுதியை அறிவிக்க உரிமையுள்ள எண் எது என்பதைக் கையொப்பமிட்ட சான்றால் சரிபார்க்கும் முறை அது. இந்தக் கசிவில் பாதையின் கடைசி எண் கூகுளுடையதே. ஆகவே அந்தச் சோதனையில் அது தேறிவிடும். 2022இல் வெளியான ஆர்எஃப்சி 9234 இதற்கென்றே வந்தது. இணையும் இருவரும் தங்களில் யார் வழங்குநர், யார் வாடிக்கையாளர், யார் பியர் என்று முதலிலேயே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். பியரோ வழங்குநரோ தந்த பாதையில் 'இனி வாடிக்கையாளருக்கு மட்டும்' என்ற குறி ஒட்டிக்கொள்ளும். அந்தக் குறியோடு ஒரு பாதை வாடிக்கையாளரிடமிருந்து மேலே வந்தால், வழங்குநரின் ரவுட்டர் அதைக் கசிவென்று நிராகரித்துவிடும்.

இதை எல்லோரும் ஏற்கும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. தன்னோடு இணைந்திருப்பவர் எந்தெந்த முகவரிகளை அறிவிக்கலாம் என்ற பட்டியலையும், மொத்தம் எத்தனை அறிவிக்கலாம் என்ற வரம்பையும் வைத்திருந்தால் போதும். மெயின்ஒன்னின் பட்டியலில் கூகுளின் முகவரிகள் இருந்திருக்காது. சைனா டெலிகாமின் வாசலிலேயே அன்றைய கசிவு நின்றிருக்கும். பிஜிபி கொள்கையை எழுத இடம் தருகிறது. அதைச் சரியாக எழுதும் வேலையையும், அடுத்தவர் சரியாக எழுதியிருக்கிறாரா என்று பார்க்கும் வேலையையும் அந்தந்த வலையமைப்பிடமே விட்டுவிடுகிறது.