பிடித்தம் எதற்கு, எவ்வளவு?

ஒரு தனியார் பள்ளி 8 லட்சம் ரூபாய்க்குப் பெஞ்சு, டெஸ்க் செய்து தரச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். கெடு மே 31. அன்றைக்கு 3 லட்சம் மதிப்புள்ள சரக்கு வந்துவிட்டது. மீதி 5 லட்சத்துக்கானது ஜூன் 21-ல்தான் வந்தது. அலுவலகத்திலிருந்து ஒப்பந்தக்காரருக்கு இப்படி ஒரு கடிதம் போகிறது:

"தங்கள் பொறுப்பற்ற தாமதத்தால் எங்களுக்குப் பெரும் சிரமம். எனவே 5 சதவீத அபராதமாக ரூ.40,000 பிடித்தம் செய்யப்படுகிறது."

கோபம் நியாயமானதே. ஆனால் இந்தக் கடிதம் நிற்காது. எந்த ஷரத்தின்படி பிடிக்கிறோம் என்று ஒரு சொல்லும் அதில் இல்லை. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால், 14-வது ஷரத்து வேறு சொல்கிறது: வராத சரக்கின் மதிப்பில் வாரத்துக்கு 0.5 சதவீதம், மொத்தம் 5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. உச்சவரம்பையே விகிதமாக எடுத்துக்கொண்டு, நேரத்துக்கு வந்த சரக்குக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். இந்தத் தப்பு அடிக்கடி நடப்பதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. மரத்தின் மாதிரியை 5 நாளில் பார்த்து ஒப்புதல் தருவதாகப் பள்ளி கையெழுத்திட்டிருந்தது. தந்தது 12 நாள் கழித்து. அந்த 7 நாளை ஒப்பந்தக்காரர் தலையில் கட்ட முடியாது. ஆகவே கெடு ஜூன் 7 ஆகிறது, தாமதம் இரண்டு வாரம். 5 லட்சத்தில் 0.5 சதவீதம் 2,500. இரண்டு வாரத்துக்கு 5,000.

திருத்திய கடிதம்:

"ஒப்பந்தத்தின் 14-வது ஷரத்தின்படி, ஜூன் 7-க்குள் வரவேண்டிய ரூ.5,00,000 மதிப்புள்ள சரக்கு ஜூன் 21-ல் பெறப்பட்டது. மாதிரி ஒப்புதலில் எங்களால் ஏற்பட்ட 7 நாள் கழிக்கப்பட்டுள்ளது. இரண்டு வாரத்துக்கு இழப்பீடு ரூ.5,000. பில் தொகையில் இதைக் கழித்து ரூ.7,95,000 வழங்கப்படும். தேதிகளிலோ கணக்கிலோ மறுப்பு இருந்தால் ஆதாரத்துடன் 7 நாளில் எழுதவும்."

தொகை எட்டில் ஒரு பங்காகச் சுருங்கியது பள்ளிக்குக் கசக்கலாம். ஆனால் 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74-வது பிரிவில், ஒப்பந்தத்தில் எழுதிய தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது. அபராதம் என்று பெயர் வைத்தால் கூடுதலாகக் கிடைக்காது.

கடிதத்தைவிட முந்திக்கொள்ள வேண்டிய வேலையும் ஒன்று உண்டு. கெடு முக்கியம் என்று பேசிய ஒப்பந்தத்தில், தாமதமாக வந்த சரக்கை வாய் திறக்காமல் இறக்கிக்கொண்டால், பிறகு இழப்பீடு கேட்கும் உரிமையே போகலாம் என்கிறது அதே சட்டத்தின் 55-வது பிரிவு. அதனால் சரக்கு வாங்கும் அன்றே டெலிவரி சலானில், "தாமத இழப்பீட்டு உரிமைக்கு உட்பட்டுப் பெறப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்திட்டு, ஒரு நகலை லாரியோடு அனுப்பிவிடுங்கள்.