நிஃப்டி ஏறியும் நஷ்டம் ஏன்?

நிஃப்டி 25,000 புள்ளிகளில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது ஏறும் என்று நம்பி, 25,000 கால் ஆப்ஷனை 160 ரூபாய் பிரீமியத்தில் வாங்குகிறீர்கள். எக்ஸ்பைரிக்கு இன்னும் ஏழு நாள். திரையில் டெல்டா 0.50 என்றும் தீட்டா -12 என்றும் காட்டுகிறது.

நிஃப்டி ஒரு புள்ளி ஏறினால் பிரீமியம் எவ்வளவு ஏறும் என்பதே டெல்டா. இங்கே அது 50 காசு. ஒரு நாள் கழிந்தால் பிரீமியத்தில் எவ்வளவு கரையும் என்பது தீட்டா. இங்கே சுமார் 12 ரூபாய்.

மறுநாள் நிஃப்டி 20 புள்ளி ஏறுகிறது. டெல்டாவால் 10 ரூபாய் வரவு, தீட்டாவால் 12 ரூபாய் செலவு. மற்றவை மாறாவிட்டால் பிரீமியம் 158 ரூபாய். கணிப்பு பலித்தும் இரண்டு ரூபாய் நஷ்டம். கைமுதல் தேறவே நிஃப்டி 24 புள்ளி ஏறியிருக்க வேண்டும்.

இந்த எண்கள் நிலையானவை அல்ல. நிஃப்டி ஏற ஏற கால் ஆப்ஷனின் டெல்டா 1-ஐ நோக்கி நகரும். இறங்கினால் பூஜ்யத்தை நோக்கிச் சரியும். நிஃப்டி அதே 25,000-இல் நின்றால், கடைசி இரண்டு நாளில் தீட்டா 20 ரூபாயைத் தாண்டிவிடும். சந்தையின் பதற்றம் தணிந்தாலும் பிரீமியம் தனியே குறையும்.

ஆகவே ஆப்ஷன் வாங்குமுன் தீட்டாவை டெல்டாவால் வகுத்துப் பாருங்கள். தினமும் அத்தனை புள்ளி ஏறும் என்ற நம்பிக்கை இல்லையென்றால் வாங்காதீர்கள்.