ஸ்டால் பேனரை ஏ4 தாளில் சோதிக்கலாம்

தோட்டத்து மோட்டாரை செல்போன் மூலம் ஆன் செய்யும் ஸ்டார்ட்டர் ஒன்றை என் நண்பரின் சிறு நிறுவனம் தயாரிக்கிறது. கோவை கொடிசியா வளாகத்தில் நடந்த விவசாயக் கண்காட்சியில் ஸ்டால் போட்டிருந்தார்கள். முதல் நாள் வந்தவர்களில் பலர், "செல்போன் கடையா தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பேனரைப் பார்த்தேன். மேலே நிறுவனத்தின் பெயர், நடுவில் பெரிய செல்போன் படம், அதன் கீழே "நவீன விவசாயத்திற்கான முழுமையான தீர்வுகள்". மோட்டார் என்ற சொல்லே கீழ் ஓரத்தில்தான் இருந்தது. அதையும் மேஜை மறைத்துவிட்டது!

அன்றிரவே மாற்றினோம். இதற்கு போட்டோஷாப் தேவையில்லை, வேர்டு போதும். பேனரின் அளவு 3 மீட்டருக்கு 2.1 மீட்டர். ஏ4 தாளைப் படுக்கை வசமாக வைத்தால் இதில் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு. Layout மெனுவில் Size என்பதில் A4, Orientation என்பதில் Landscape தேர்ந்தெடுத்து, பேனரை அப்படியே சிறிதாக அமைத்துப் பிரிண்ட் எடுங்கள். நடைபாதையில் 15 அடி தள்ளி நடப்பவருக்கு பேனர் எப்படித் தெரியுமோ, ஒன்றரை அடி தூரத்தில் பிடித்த இந்தத் தாளும் அப்படியே தெரியும்.

இனி, விஷயம் தெரியாத ஒருவரிடம் தாளை மூன்று விநாடி காட்டி மறைத்துவிட்டு, "என்ன விற்கிறார்கள்?" என்று கேளுங்கள். நாங்கள் லாட்ஜ் வாட்ச்மேனிடம் கேட்டோம். "ஏதோ விவசாயம்" என்றார். "தோட்டத்து மோட்டாரை வீட்டிலிருந்தே போனில் ஆன் செய்யலாம்" என்று மாற்றிக் காட்டினோம். "மோட்டார் சுவிட்ச்சுங்களா, என்ன விலை?" என்றார். அந்த வரியையே ஆள் உயரத்திற்கு மேல் வருமாறு வைத்தோம். கீழே வைத்தால் கூட்டம் மறைத்துவிடும். செல்போன் படத்தை எடுத்துவிட்டு, கிணற்று மேட்டில் மாட்டிய ஸ்டார்ட்டரின் படத்தைப் போட்டோம். நிறுவனத்தின் பெயர் சிறிதாகி ஓரத்துக்குப் போனது. நண்பருக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான்.

நோட்டீஸிலும் அதே வரிதான் தலைப்பு. "எங்களைப் பற்றி" என்ற பத்தியை நீக்கிவிட்டு, ஸ்டாலில் எல்லோரும் கேட்ட மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதினோம். கரண்ட் இல்லாவிட்டால் ஓடுமா? ஓடாது. சிம் கார்டு தனியாக வேண்டுமா? வேண்டும், தோட்டத்தில் சிக்னலும் இருக்க வேண்டும். விலை என்ன? "விலைக்கு அணுகவும்" என்றிருந்த இடத்தில் தொகையையே போட்டோம்.

பிளெக்ஸ் கடைக்கு வேர்டு பைலாகக் கொடுக்காதீர்கள். உங்கள் தமிழ் எழுத்துரு அங்கே இல்லாவிட்டால் எழுத்துகள் மாறிவிடும். Save As சென்று PDF ஆக மாற்றிக் கொடுங்கள். மறுநாள் காலை ஸ்டாலுக்கு வந்த முதல் பெரியவர், "மூணு பேஸ் மோட்டாருக்கு ஆகுமா தம்பி?" என்று கேட்டார்.