நீர்க்கடுப்புக்குத் தண்ணீர் மட்டும் போதுமா?

கோடையில் வயல் வேலை செய்வோருக்குச் சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் உண்டானால், "உடல் சூடு, நிறையத் தண்ணீர் குடித்தால் சரியாகும்" என்று பெரியோர் சொல்வது வழக்கம். இதில் ஒரு பாதி உண்மை உண்டு. தண்ணீர் குறைவாகப் பருகினால் சிறுநீர் அடர்ந்து மஞ்சளாகி எரிச்சல் தரலாம். இத்தகைய எரிச்சல் தண்ணீர் பருகியதும் பெரும்பாலும் தணிந்துவிடும்.

ஆனால் கிருமித் தொற்று வேறு. பெரும்பாலும் குடலில் வாழும் ஒருவகைக் கிருமியே சிறுநீர்ப் பாதையின் வழியே ஏறிச் சிறுநீர்ப்பையை அடைகின்றது. மயிர் போன்ற நுண்ணிய இழைகளால் அது பையின் உட்சுவரைப் பற்றிக்கொள்கின்றது. ஆதலால் ஓடும் நீர் அவற்றில் பலவற்றை வெளியேற்றினாலும், பற்றியவற்றை முற்றிலும் களைந்துவிடுமென்று நம்புதற்கில்லை.

தண்ணீரின் பயன் நோயைத் தடுப்பதிலேயே நன்கு மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. 2018-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், அடிக்கடி இந்நோய் கண்டு, குறைவாகவே நீர் பருகி வந்த 140 பெண்கள் பங்கேற்றனர். அவர்களுள் ஒரு பாதியினர் ஓராண்டுக் காலம் நாள்தோறும் ஒன்றரை லிட்டர் தண்ணீர் கூடுதலாகப் பருகினர். அவர்களுக்குச் சராசரியாக 1.7 முறை நோய் வந்தது, மற்றவர்களுக்கோ 3.2 முறை வந்தது. இது வருமுன் காத்தலே. வந்த நோயைத் தண்ணீர் தீர்த்ததற்குச் சான்று அன்று.

வந்த நோய் தானாகத் தீராதா? 2015-ஆம் ஆண்டில் வெளியான ஜெர்மானிய ஆராய்ச்சியொன்றில், சிக்கலற்ற தொற்றுடைய பெண்களுள் ஒரு பிரிவினர்க்கு முதலில் வலி நீக்கும் மருந்து மட்டும் அளிக்கப்பட்டது. மூவரில் இருவர் கிருமிக்கொல்லி மருந்தின்றியே தேறினர். எனினும் அப்பிரிவில் எரிச்சலும் வலியும் நீண்டன. சிறுநீரகத் தொற்றும் அப்பிரிவில் ஐவருக்கும், மருந்து பெற்ற பிரிவில் ஒருவருக்கும் கண்டது. ஆதலால் காத்திருப்பதா என்பதை மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும்.

காத்திருத்தல் கூடாதவை எவை? குளிர் காய்ச்சல், விலாவிலும் இடுப்பின் பின்புறமும் வலி, வாந்தி, சிறுநீரில் இரத்தம் ஆகியவை கண்டால் உடனே மருத்துவமனை செல்லல் வேண்டும். கருவுற்ற பெண்கள், குழந்தைகள், ஆண்கள், நீரிழிவு உடையோர் ஆகியோர்க்குத் தொற்று எனில் கிருமிக்கொல்லி மருந்து தேவையாகும். மருந்து தொடங்குமுன் சிறுநீரைச் சோதனைக்குக் கொடுத்தல் நலம். முன்பு மிஞ்சிய மாத்திரையையோ, கடையில் கேட்டு வாங்கியதையோ உட்கொண்டால் கிருமி அம்மருந்துக்கு அடங்காமற் போகலாம். கொடுத்த மருந்தைச் சொன்ன நாள் முழுதும் உண்ணல் வேண்டும்.

தண்ணீரையும் அளவறிந்து பருகுக. இருதயம், சிறுநீரகம் பழுதுற்று நீரைக் குறைக்குமாறு பணிக்கப்பட்டோர் மருத்துவரைக் கேளாமல் மிகுதியாகப் பருகலாகாது.