அடியில் பூஜ்யம் வரும் இடங்கள்

இணையத்தில் நாம் பார்க்கும் உலக வரைபடங்கள் பலவற்றில் வட துருவம் இருக்காது. வடக்கே 85.05 டிகிரி அட்சரேகையோடு படம் முடிந்துவிடும். தெற்கிலும் அப்படியே. மீதியையும் வரையலாமே என்றால், துருவம் வரை வரைவதற்கு எவ்வளவு பெரிய காகிதமும் போதாது. அதற்குக் காரணம் செக்கன்ட் என்ற சார்பு.

பள்ளியில் சைன், கொசைன், டேன்ஜென்ட் மூன்றையும் ஓரளவு பழகியிருப்போம். அவற்றின் தலைகீழிகள்தாம் மற்ற மூன்றும். 1-ஐ சைனால் வகுத்தால் கோசெக்கன்ட், கொசைனால் வகுத்தால் செக்கன்ட், டேன்ஜென்ட்டால் வகுத்தால் கோடேன்ஜென்ட். வகுக்கும் எண் சிறுக்கச் சிறுக்க ஈவு பெருகும். வகுக்கும் எண் பூஜ்யமானால் விடையே கிடையாது. இந்த மூன்று சார்புகளின் வரைபடங்களும் எங்கே எகிறும், எங்கே அடங்கும் என்பதை இந்த ஒரு விஷயமே தீர்மானிக்கிறது.

வரைபடத்தையே எடுத்துக்கொள்வோம். 1569-இல் மெர்காட்டர் வெளியிட்ட உலகப்படம் மாலுமிகளுக்கானது. திசைகாட்டி காட்டும் ஒரே திசையில் தொடர்ந்து செல்லும் கப்பலின் பாதை, அந்தப் படத்தில் நேர்கோடாக விழும். இதற்காக எல்லா அட்சரேகைகளையும் நிலநடுக்கோட்டின் அதே நீளத்தில் வரைய வேண்டியிருந்தது. உண்மையில் துருவத்தை நெருங்க நெருங்க அந்த வட்டங்கள் சிறுத்துக்கொண்டே போகின்றன. 60 டிகிரியில் இருக்கும் வட்டத்தின் சுற்றளவு நிலநடுக்கோட்டில் பாதிதான், ஏனென்றால் 60 டிகிரியின் கொசைன் 0.5. பாதியாக இருப்பதை முழு நீளத்துக்கு இழுத்தால் இரண்டு மடங்கு நீட்டியதாகிறது. அந்த 2-தான் 60 டிகிரியின் செக்கன்ட்.

கிழக்கு மேற்காக மட்டும் இழுத்தால் நாடுகளின் வடிவம் சிதையும், திசையும் தப்பும். அதனால் தெற்கு வடக்காகவும் அதே அளவு நீட்ட வேண்டும். சிறுசிறு படிகளாக செக்கன்ட்களைக் கூட்டிக்கொண்டே போய், எந்த அட்சரேகையை எவ்வளவு உயரத்தில் வரைவது என்ற அட்டவணையை எட்வர்ட் ரைட் என்ற ஆங்கிலேயர் 1599-இல் வெளியிட்டார்.

70 டிகிரியில் நீட்சி 2.92 மடங்கு. பரப்பு இரு பக்கமும் பெருகுவதால் சுமார் எட்டரை மடங்கு. கிரீன்லாந்து அந்தப் படத்தில் ஆப்பிரிக்காவுக்கு ஈடாகத் தெரிவது இதனால்தான். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல் 14 மடங்கு பெரியது. 85.05 டிகிரியில் நீட்சி 11.6 மடங்கு, 89-இல் 57.3 மடங்கு, 89.9-இல் 573 மடங்கு. 90 டிகிரியின் கொசைன் பூஜ்யம். அங்கே செக்கன்ட் என்று ஒரு எண்ணே இல்லை. துருவத்தை முடிவிலித் தொலைவில்தான் வரைய முடியும் என்பதால் எங்கேயாவது வெட்டியே ஆக வேண்டும். 85.05-இல் வெட்டினால் படம் சரியான சதுரமாக அமையும். அதனால் அந்த எண்.

இப்போது செக்கன்ட்டின் வரைபடத்தைப் பார்ப்போம். பூஜ்யம் டிகிரியில் கொசைன் 1, எனவே செக்கன்ட்டும் 1. அங்கிருந்து இரு புறமும் கோடு வளைந்து மேலேறி, 90-லும் –90-லும் நிற்கும் செங்குத்துக் கோடுகளைத் தொடாமல் ஓடுகிறது. இந்தக் கோடுகளுக்குத் தொலைத்தொடுகோடு என்று பெயர். 90-ஐத் தாண்டியதும் கொசைன் குறை எண்ணாகிறது, செக்கன்ட்டும் அப்படியே. 89 டிகிரியில் +57.3 ஆக இருந்தது 91-இல் –57.3. கோடு கீழே ஆழத்திலிருந்து எழுந்து, 180-இல் –1-ஐத் தொட்டு, 270-ஐ நோக்கி மறுபடி கீழே இறங்குகிறது. இப்படி நிமிர்ந்த கிண்ணமும் கவிழ்ந்த கிண்ணமும் மாறி மாறி வரும். கொசைன் ஒருபோதும் 1-ஐத் தாண்டாது. ஆகவே அதன் தலைகீழி –1-க்கும் 1-க்கும் இடையே ஒருபோதும் வராது. வரைபடத்தின் நடுவே அந்தப் பட்டை காலியாகவே கிடக்கும்.

மற்ற இரண்டையும் ஒரு மீட்டர் கம்பை வெயிலில் செங்குத்தாக நட்டுப் பார்க்கலாம். சூரியன் தொடுவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் இருக்கிறதோ, அதன் கோடேன்ஜென்ட்தான் நிழலின் நீளம். கம்பின் உச்சியிலிருந்து நிழலின் நுனி வரை ஒரு கயிறு கட்டினால், கயிற்றின் நீளம் கோசெக்கன்ட். 30 டிகிரியில் நிழல் 1.73 மீட்டர், கயிறு 2 மீட்டர். 10 டிகிரியில் நிழல் 5.67, கயிறு 5.76. ஒரே டிகிரி உயரத்தில் நிழல் 57.29, கயிறு 57.30. இரண்டுக்கும் ஒரு சென்டிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. சூரியன் தொடுவானத்தில் இருக்கும்போது கோணம் பூஜ்யம், அதன் சைனும் பூஜ்யம். இரண்டுமே அளவில்லாமல் போகின்றன. நிஜத்தில் நிழல் அதற்கு முன்பே மங்கிவிடும், ஏனென்றால் சூரியன் ஒரு புள்ளி அல்ல, அரை டிகிரி அகலமுள்ள தட்டு.

சூரியன் தலைக்கு நேர் மேலே வந்தால் இரண்டும் பிரிகின்றன. 90 டிகிரியில் நிழல் இல்லை, ஆகவே கோடேன்ஜென்ட் பூஜ்யம். கயிறு கம்பின் நீளமேதான், ஆகவே கோசெக்கன்ட் 1. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு இரு நாட்களில் நண்பகலில் இதை நேரில் பார்க்கலாம். பிறகு சூரியன் மேற்கே சாய, நிழல் மறுபுறம் விழும். கிழக்கிலிருந்தே கோணத்தை அளந்துகொண்டு போனால் கோடேன்ஜென்ட் இனி குறை எண். 180-ஐ நெருங்கும்போது அது குறை முடிவிலியை நோக்கிச் சரிகிறது. கோடேன்ஜென்ட் வரைபடத்தில் கிண்ணங்கள் இல்லை. ஒவ்வொரு 180 டிகிரிக்கும் மேலிருந்து கீழே இறங்கும் ஒரே வளைகோடு திரும்பத் திரும்ப வரும். கோசெக்கன்ட்டோ செக்கன்ட்டைப்போலவே கிண்ணங்கள் கொண்டது, 90 டிகிரி வலப்புறம் நகர்ந்திருக்கும், அவ்வளவுதான். இந்த இரண்டுக்கும் தொலைத்தொடுகோடுகள் 0, 180, 360 என்று சைன் பூஜ்யமாகும் இடங்களில் நிற்கின்றன.

கோடேன்ஜென்ட்டில் ஒரு நுட்பம் உண்டு. கால்குலேட்டரில் 90 டிகிரியின் டேன்ஜென்ட்டைக் கேட்டு, அதன் தலைகீழியை எடுக்கப் போனால் பிழை என்றே வரும். அந்த டேன்ஜென்ட்டுக்கே மதிப்பு இல்லையே. ஆனால் நிழல் பூஜ்யம் என்பதைக் கம்பு காட்டுகிறது. கொசைனை சைனால் வகுத்துக் கணக்கிட்டால் சரியான விடை வரும்: 0 ÷ 1 = 0.

இன்னொரு தவறு மிகப் பரவலானது. கால்குலேட்டரில் cos⁻¹ என்ற பொத்தானை செக்கன்ட் என்று நினைத்துவிடுவது. அது கொசைனிலிருந்து கோணத்தைத் திருப்பித் தரும் பொத்தான். அதில் 0.5 கொடுத்தால் 60 டிகிரி என்று காட்டும், 60 கொடுத்தால் பிழை என்று காட்டும். செக்கன்ட் வேண்டுமானால் முதலில் கொசைனைக் கண்டு, பிறகு 1-ஐ அதனால் வகுக்க வேண்டும். விடை –1-க்கும் 1-க்கும் இடையே வந்தால் கணக்கு தவறு என்று அப்போதே தெரிந்துவிடும்.

வரைபடம் போடும் செயலிகளும் சில சமயம் ஏமாற்றும். புள்ளிகளை வரிசையாக இணைக்கும் செயலி, 89 டிகிரியின் +57.3-ஐயும் 91-இன் –57.3-ஐயும் சேர்த்து ஒரு செங்குத்துக் கோட்டை இழுத்துவிடும். அது வளைகோட்டின் பகுதி அல்ல. அதை நம்பினால் 90 டிகிரிக்கு அருகே செக்கன்ட் பூஜ்யத்தைக் கடந்து போவதாக ஆகும், அது நடக்கவே முடியாது. கையால் வரையும்போது முதலில் சைனையோ கொசைனையோ லேசாகப் போட்டு, அது அச்சை வெட்டும் இடங்களில் புள்ளிக்கோடுகளை நிறுத்தி, அதன் உச்சியிலும் அடியிலும் கிண்ணங்களை வைத்தால் போதும், ஒரு மதிப்பைக்கூடக் கணக்கிடாமல் செக்கன்ட்டும் கோசெக்கன்ட்டும் சரியாக வந்துவிடும்.