அழைப்பு ஏன் சேரவில்லை?

சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு மதுரை திரும்பிய மகளுக்கு, அப்பா கூகுள் குடும்பக் குழு அழைப்பு அனுப்புகிறார். சேர முடியவில்லை. ஒரே வீட்டில் இருந்தும் ஏன்? மகளின் கூகுள் பிளே கணக்கு இன்னும் சிங்கப்பூரிலேயே இருக்கிறது. குழுவில் எல்லோருக்கும் ஒரே நாடு வேண்டும்.

பிளே ஸ்டோர் அமைப்புகளில் நாட்டை இந்தியா என்று மாற்ற வேண்டும். அதற்கு அவர் இந்தியாவில் இருக்க வேண்டும். இந்தியக் கட்டண முறையும் தேவை. இம்மாற்றம் ஆண்டுக்கு ஒருமுறைதான் என்பதால், மறுபடி வெளிநாடு போகிறவர்கள் அவசரப்பட வேண்டாம்.

சிங்கப்பூரிலேயே வசிக்கும் மகளுக்கு இது வழியல்ல. யூடியூப் பிரீமியம் குடும்பத் திட்டம் இன்னும் கறார்: ஒரே முகவரியில் வசிக்க வேண்டும். சென்னை விடுதியில் தங்கிய மகனுக்கும் தனிச் சந்தாதான் சரி.